மணிவிழாப் பத்திரிகையை அப்படியே ஃபேஸ்புக்கில் போடலாமா?

"அப்பாவுக்கு வரும் ஆவணியில் அறுபது முடிகிறது. மணிவிழாவைத் திருக்கடையூரில் வைத்திருக்கிறோம். பத்திரிகையைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடலாமா? ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா பைபாஸ் ஆபரேஷனில் பிழைத்து வந்ததையும் சேர்த்து எழுத ஆசை. அண்ணனும் அண்ணியும் பிரிந்து இருக்கிறார்கள், கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு சொல்லலாம், எதை விடலாம்?"

பத்திரிகையை அப்படியே போடாதீர்கள். மணிவிழா நடந்ததை ஊருக்குச் சொல்லுங்கள், ஆனால் திருக்கடையூர் போய் வந்த பிறகு, வேறு வாசகத்தில் சொல்லுங்கள். ஏன் என்பதை நான் தினமும் புழங்குகிற சரக்கை வைத்தே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அழைப்பிதழ் அடிக்கும் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, மணிவிழா, கருமாதி என்று என் கை வழியாகப் போகாத குடும்பச் செய்தி இல்லை.

நீங்கள் கையில் வைத்திருக்கும் பத்திரிகையின் மேட்டரை ஒரு தடவை அந்நியர் கண்ணால் படித்துப் பாருங்கள். இனிஷியலோடு அப்பா பெயர், அம்மா பெயர். தாத்தா பாட்டி பெயர்கள். எந்த மாதம், எந்தத் தேதி, என்ன நட்சத்திரம். பிள்ளைகள் பெயர், படிப்பு, வேலை, இருக்கும் ஊர். கீழே வீட்டு முகவரி, இரண்டு மூன்று செல் நம்பர். ஒரு கார்டில் இத்தனையும் இருப்பதற்குக் காரணம் உண்டு. அது முந்நூறு பேருக்குப் போகிற கடிதம். யார் வீட்டு விசேஷம், எந்தக் கிளை, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். வெற்றிலை பாக்கோடு நேரில் கொடுப்பதால் வாங்குகிற முகம் உங்களுக்குத் தெரியும். அதே கார்டு ஃபேஸ்புக்கில் `Public` என்று போனால் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாது, எத்தனை வருடம் இருக்கும் என்றும் தெரியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழெட்டு வருடம் முன்னால் அச்சகத்துக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் ஆரம்பித்து, நல்ல டிசைன்களைச் சாம்பிளாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வளைகாப்புக் கார்டு அழகாக வந்திருந்தது, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டேன். முகவரி, நம்பர் எதையும் மறைக்கவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். குழந்தைச் சாமான் விற்கிறவன், இன்சூரன்ஸ்காரன், ஜாதகம் கணிக்கிறேன் என்கிறவன் என்று போன் வந்துகொண்டே இருக்கிறதாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதமே குறைப்பிரசவமாகி வளைகாப்பே நடக்கவில்லை. "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டுத்தான் ஒவ்வொரு போனும் ஆரம்பித்திருக்கிறது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "அதை எடுத்துடுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெயர், நம்பரை எல்லாம் மாற்றிவிட்டுத்தான் சாம்பிள் போடுகிறேன்.

சரி, உங்கள் கார்டுக்கு வருவோம். முதலில் பலர் யோசிக்காத விஷயம், பிறந்த தேதி. "நாங்கள் பிறந்த தேதியே போடவில்லையே, நட்சத்திரம்தானே போட்டிருக்கிறோம்" என்பார்கள். மணிவிழாவின் கணக்கே பிறந்த நாளைக் கண்டுபிடிக்கிற கணக்குதான். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது. ஒருவர் பிறந்த வருடப் பெயர் திரும்பி வரும்போது அறுபது நிறைகிறது. உங்கள் அப்பா 1966 ஆவணியில் பிறந்திருந்தால் அது பராபவ வருடம். 2026 ஏப்ரலில் மறுபடியும் பராபவ பிறந்தது. அதே மாதத்தில் அதே நட்சத்திரம் வருகிற நாளைப் பார்த்துத்தான் ஐயர் தேதி குறித்துக் கொடுத்திருப்பார். நட்சத்திரம் இருபத்தேழு. அதனால் ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வரும். பராபவ வருடம், ஆவணி, சுவாதி என்று மூன்றும் கார்டில் இருந்தால், 1966 பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற யாரும் இரண்டே நிமிடத்தில் ஆங்கிலத் தேதியைச் சொல்லிவிடுவார்கள். இப்போது அதற்குப் பஞ்சாங்கம்கூட வேண்டாம், போனிலேயே பார்க்கலாம்.

பிறந்த தேதி தெரிந்தால் என்ன ஆகிவிடும்? நம் நாட்டில் கொஞ்சம் ஆகும். ஆதார் தளத்திலிருந்து இறக்குகிற இ-ஆதார் கோப்பைத் திறக்கக் கேட்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். பெயர் முருகேசன், வருடம் 1966 என்றால் `MURU1966`. ஜெராக்ஸ் கடைக்கும் லோன் ஏஜென்டுக்கும் அந்தக் கோப்பை எத்தனை தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பூட்டு போட்டுத்தானே அனுப்பினோம் என்ற தைரியத்தில் அனுப்பியிருப்போம். அந்தப் பூட்டின் சாவி இந்தக் கார்டில் இருக்கிறது. பல வங்கிகளின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டும் இதே மாதிரிதான், பெயரின் நான்கு எழுத்தும் பிறந்த தேதி, மாதமும். கஸ்டமர் கேரில் அடையாளம் சரிபார்க்கக் கேட்பதிலும் பிறந்த தேதியும் தாயார் பெயரும் உண்டு. அப்பாவைப் பெற்றவர்கள் பெயர் கார்டிலேயே இருக்கிறது.

இதை வைத்து மட்டும் யாரும் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது. ஓடிபி வேண்டும். ஆனால் அந்த ஓடிபியை வாங்குவதற்காகப் போன் செய்கிறவன், "சார், உங்க பிறந்த தேதி இது, உங்க பையன் சிங்கப்பூர்ல இந்த வேலை பார்க்கிறார், சரிதானே?" என்று ஆரம்பித்தால், அறுபது வயதுக்காரர் எதிரில் பேசுவது வங்கிதான் என்று நம்பிவிடுவார். வெளிநாட்டில் இருக்கிற மகனின் ஊரையும் வேலையையும் கார்டில் பெருமையாகப் போடுகிறோம். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். அதனால் அப்பாவிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். விழா முடிந்து ஓரிரு மாதத்துக்குள் நம் குடும்ப விவரத்தைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடட்டும். பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். சைபர் குற்றத்துக்கான அரசு எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, வீடு. திருக்கடையூரில் மணிவிழா என்றால் முதல் நாள் சாயங்காலமே குடும்பத்தோடு கிளம்பி, விடியற்காலையில் கலச பூஜை, ஹோமம், அபிஷேகம், மாங்கல்ய தாரணம் எல்லாம் முடித்து, சாமி தரிசனமும் சாப்பாடும் ஆகித் திரும்ப இரண்டு நாள். ஊரில் மண்டபத்தில் நடந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருப்பார். வெளியூர்க் கோயில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கூட வேனில் ஏறிவிடுவார். கார்டில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, வீட்டு முகவரி இருக்கிறது. அன்றைக்கு வீடு பூட்டியிருக்கும் என்பதை எழுத்தில் கொடுத்த மாதிரிதான். ஊருக்குப் போகும்போது உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவைத்தால் ரோந்து போகும்போது பார்த்துக்கொள்வார்கள். அதைச் செய்யுங்கள். அதோடு, கோயிலில் இருந்தபடி வரிசையாக ஸ்டேட்டஸ் போடுகிற சித்தி பையனிடமும் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அடக்கி வாசித்தாலும் அவன் வழியாகப் போய்விடும்.

இனி அண்ணன் விஷயம். என் அனுபவத்தில் பத்திரிகையில் பிரச்சினை வருவது எழுதிய பெயரால் குறைவு, விட்ட பெயரால் அதிகம். மகன்-மருமகள், மகள்-மருமகன் என்று ஜோடி ஜோடியாகப் பெயர் போட ஆரம்பித்தால், அண்ணன் பெயர் மட்டும் தனியாக நிற்கும். அந்த வெற்றிடத்தை எல்லோரும் படிப்பார்கள். அண்ணி பெயரைப் போட்டால் அது வேறு மாதிரிப் பொய். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி இருக்கிறது. யார் பெயரையும் போடாமல், "தங்கள் நல்வரவை விரும்பும் மக்கள், மருமக்கள், பேரக்குழந்தைகள்" என்று மொத்தமாக முடித்துவிடுவது. கார்டு அடிக்க வருகிறவர் ப்ரூஃப் பார்க்கும்போது பெயர்ப் பகுதியில் வந்து தயங்கினால், நான் காரணம் கேட்பதில்லை. இந்த வரியைத்தான் காட்டுவேன். "இதையே போட்டுருங்க" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். உங்கள் பொதுப் பதிவில் இன்னும் சுருக்கி, "குடும்பத்தார்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, பேரை விடுவதென்றால் எல்லார் பேரையும் விட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பெயரை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மொத்தமாக எழுதினால் திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கோர்ட்டில் கேஸ் இருப்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போதெல்லாம் குடும்ப நீதிமன்ற வழக்குகளில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டுகளைத் தாக்கல் செய்வது சாதாரணம். ஜீவனாம்சம் பேச்சில் இருந்தால், அண்ணன் வருமானம் எவ்வளவு என்பதுதான் அங்கே சண்டை. "அம்மாவுக்கு அண்ணன் பத்து பவுனில் சங்கிலி போட்டு அசத்திட்டான்" என்று நீங்கள் பாசத்தில் எழுதுவது, எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தயாராகக் கிடைக்கிற காகிதம். அந்தச் சங்கிலியை நீங்கள் மூவரும் சேர்ந்து வாங்கியிருப்பீர்கள், அவன் பங்கு இரண்டு பவுனாக இருக்கும். பதிவில் அதெல்லாம் இருக்காதே. வருமானத்தை மறைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கோர்ட்டில் கேட்டால் அண்ணன் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். யார் என்ன செய்தார்கள், எவ்வளவு செலவு என்ற பேச்சைப் பொதுவில் எழுதாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அண்ணனுக்குக் குழந்தை இருந்து, அது இப்போது அண்ணியிடம் இருக்கிறது என்றால், பழைய படத்தைத் தேடி எடுத்துப் "பேத்தி இல்லாத குறை" என்று எழுதுகிற வேலை வேண்டவே வேண்டாம். யாரும் கேட்காமலே வழக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்வீர்கள்.

பைபாஸ் பற்றி உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆபத்தான ஆபரேஷனில் பிழைத்து வந்தவர் அறுபதைப் பார்க்கிறார் என்றால், குடும்பத்துக்கு அதுதான் விழாவின் முழு அர்த்தமே. ஆனால் அது அப்பாவின் உடம்பு. சொல்லலாமா என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், அவரிடம் கேட்டீர்களா? சில பேர் தாமே எல்லாரிடமும் தழும்பைக் காட்டிப் பேசுவார்கள். சில பேர் ஆபரேஷன் நடந்ததே பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பார்கள். அம்மாவையும் கேளுங்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுத நாள் அவருடையதும்தான். கேட்கும்போது "போடட்டுமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். எழுதி வைத்ததை வாசித்துக் காட்டி, "இதை உங்க ஆபீஸ் ஆளுங்க, சம்பந்தி வீடு, நம்ம தெரு எல்லாரும் படிப்பாங்க, பரவாயில்லையா?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான பதில் வரும்.

தங்கைக்கு வரன் பார்ப்பதால் இதில் எனக்குத் தனிப்பட்ட ஒரு தயக்கமும் இருக்கிறது. பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் திறந்து பார்ப்பது வீட்டுக்காரர்களின் ஃபேஸ்புக்கைத்தான். இதய நோய் குடும்பத்தில் ஓடுகிறதா, அப்பா சம்பாத்தியம் இன்னும் எத்தனை நாள், அண்ணன் ஏன் தனியாக நிற்கிறான் என்று ஒரு படத்திலிருந்தே கேள்வி கேட்பார்கள். வரன் கூடி வரும்போது இவற்றை நேரில் சொல்லியே ஆக வேண்டும், மறைத்துச் செய்கிற சம்பந்தம் நிலைக்காது. ஆனால் காபி கொடுத்து உட்கார வைத்து நீங்கள் சொல்வது ஒன்று, ஏதோ ஒரு தரகர் ஸ்க்ரீன்ஷாட்டை ஃபார்வர்டு பண்ணி அவர்களாகத் தெரிந்துகொள்வது வேறு. எதை எப்போது சொல்வது என்கிற அளவு நம் பெரியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. மூன்று மாதம் முடியும்வரை பிள்ளை உண்டானதை வெளியே சொல்ல மாட்டார்கள், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுத்தான் ஊரைக் கூட்டுவார்கள். கருச்சிதைவு பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் நடக்கிறது என்று டாக்டர் சொல்வதோடு அது சரியாகவே பொருந்துகிறது. பைபாஸ் விஷயத்துக்கும் அந்த மாதிரி ஒரு வேளை பார்க்கலாம். தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்து, அப்பா சரி என்று சொன்னால் அப்புறம் எழுதுங்கள். எங்கேயும் போய்விடாது.

இப்போது நான் இந்த மேட்டரை எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். முழுப் பத்திரிகையை வர வேண்டியவர்களுக்குத் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்டேட்டஸ் பிரைவசியில் `Only share with...` போய் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். உங்கள் காண்டாக்டில் கேஸ் டெலிவரிக்காரர், பழைய வீட்டு புரோக்கர், பிள்ளையின் வேன் டிரைவர் எல்லாரும் இருப்பார்கள், `My contacts` என்றால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். குடும்பக் குழுவில் போடும் படத்திலும் முகவரிப் பகுதியை வெட்டிவிடுங்கள். உறவுக்காரர்களுக்கு வீடு தெரியும், தெரியாதவர்கள் போன் பண்ணிக் கேட்கட்டும்.

ஃபேஸ்புக்குக்கு விழா முடிந்து வீடு திரும்பி இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு படம், நாலு வரி. என்னிடம் எழுதித் தரச் சொன்னால் இப்படித் தருவேன்:

"எங்கள் அப்பா அம்மாவின் மணிவிழா அபிராமி அம்மன் சந்நிதியில் இனிதே நடந்தது. அம்மா கழுத்தில் அப்பா மறுபடியும் தாலி கட்டும்போது கை நடுங்கியது, அம்மாதான் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். வந்து வாழ்த்தியவர்களுக்கும், வர முடியாமல் தூரத்திலிருந்து வாழ்த்தியவர்களுக்கும் எங்கள் நன்றி. - குடும்பத்தார்."

தேதி இல்லை, நட்சத்திரம் இல்லை, பெயர்கூட இல்லை. தெரிந்தவர்களுக்கு யாரென்று தெரியும். கை நடுங்கியது நான் சும்மா எழுதியது, அங்கே நிஜமாக என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். இந்த மாதிரி ஒரு வரி இருந்தால் படிக்கிறவருக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் அதை வைத்து யாரும் எதுவும் செய்துவிட முடியாது. பிறந்த தேதியும் பவுன் கணக்கும் இதற்கு நேர் எதிர். படிக்கிறவருக்கு ஒன்றும் தராது, எடுத்துக்கொள்ள வருகிறவனுக்கு எல்லாம் தரும். கார்டில் எந்த வரியைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடும்.

படம் எடுக்கும்போது குடும்பம் மொத்தமாக நிற்கும் படத்தை விடுங்கள். அதில் அண்ணன் தனியாகத்தான் தெரிவான். அப்பாவும் அம்மாவும் மாலையோடு உட்கார்ந்திருக்கும் படம் போதும். பின்னால் வேன் நம்பரோ, பெயரெழுதிய வரவேற்பு ஃபிளெக்ஸோ தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸில் பத்திரிகை மேட்டரில் பாதி இருக்கும், நாம் அதை மறந்துவிடுவோம். குழந்தைகள் படத்தில் இருந்தால் அந்தந்தக் குழந்தையின் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அண்ணன் குழந்தை என்றால் இரண்டு பேரையும் கேட்க முடியாத நிலையில் போடாமல் விடுவதே நல்லது.

பதிவுக்கு `Friends` வையுங்கள். யாரையும் டேக் பண்ண வேண்டாம். `Friends` என்று வைத்தாலும், ஒருவரை டேக் பண்ணினால் சாதாரணமாக அவருடைய நண்பர்களுக்கும் அது போய்ச் சேரும். தங்கையை டேக் பண்ணினால் அவள் ஆபீஸ் முழுக்கப் பார்க்கும். கீழே "எத்தனை வயசு?", "அண்ணி எங்கே காணோம்?" என்று யாராவது கமென்ட் போடுவார்கள், கட்டாயம் போடுவார்கள். அங்கே பதில் எழுதாமல் கமென்டை எடுத்துவிட்டு, தெரிந்தவர் என்றால் போனில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், ப்ரூஃபிலேயே வீட்டு முகவரியை எடுத்துவிட்டு ஒரே ஒரு நம்பரை மட்டும் வைக்கச் சொல்லுங்கள், அதுவும் அப்பா நம்பராக இல்லாமல் உங்கள் நம்பராக. நீங்கள் எவ்வளவு சொன்னாலும் பெரியப்பா ஒருவர் அதைப் போட்டோ எடுத்து முப்பது குழுவில் போடத்தான் போகிறார்.